வெயிலில் ஓடிய ரயருக்குள் காற்று ஏன் இறுகுகிறது? உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

ஆரையம்பதி வான்காரர்

சித்திரை மாத வெயிலில் பொத்துவிலுக்கு ஹயர் ஒன்று போனேன். காலையில் வீட்டிலேயே நான்கு ரயருக்கும் 32 பி.எஸ்.ஐ வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன். திருக்கோவில் தாண்டி ஒரு கராஜில் நிறுத்தியபோது அங்கிருந்த பெடியன் கேஜை வைத்துப் பார்த்தான். எல்லா ரயரிலும் 37க்குக் கிட்ட நின்றது. "காற்றுக் கூடிப்போச்சு, இறக்கி விடவா அண்ணை?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஆனாலும் கேள்வி மனதில் இருக்கிறது. இடையில் யாரும் காற்று அடிக்கவில்லை. வால்வு மூடியபடியே இருந்தது. அப்படியென்றால் அந்த 5 பி.எஸ்.ஐ எங்கிருந்து வந்தது? மூடிய பாத்திரம், ரயர், போத்தல், எதுவாக இருந்தாலும் சூடானபோது நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

கல்முனை சைக்கிள் கடை

எங்கள் கடையில் இது அடிக்கடி நடப்பது. காலையில் ஒட்டுப் போட்டு, காற்றை இறுக்கி அடித்துக் கொடுத்த சைக்கிளை மத்தியானம் சுவரில் சாத்தி வைத்திருப்பார்கள். பின்னேரம் ஒட்டுக் கழன்று வரும். காரணம் ஒன்றுதான். சூட்டில் காற்று வீங்குகிறது. இரும்பு சூட்டில் நீள்வதுபோல காற்றுத் துணிக்கைகளும் பருக்கின்றன. ரயருக்குள் இடம் போதாமல் தள்ளுகின்றன. அதனால்தான் வெயில் காலத்தில் நான் கொஞ்சம் குறைத்தே அடிப்பேன்.

களுவாஞ்சிகுடி ரீச்சர்

கடைக்காரத் தம்பி கண்டது சரி. சொன்ன காரணத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரும்பு நீளும்போதும் சரி, காற்றுச் சூடாகும்போதும் சரி, ஒரு துணிக்கைகூடப் பருப்பதில்லை. இரும்பில் அவை ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்கின்றன, அவ்வளவுதான். ரயருக்குள் இருக்கும் காற்றில் துணிக்கைகளுக்கு நடுவே ஏற்கனவே தாராளமாக வெறும் இடம் இருக்கிறது. இடம் போதாமல் அவை தள்ளவில்லை.

உள்ளே நடப்பது அடி. தகரக் கூரையில் விழும் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். துளிகள் தனித்தனியாக விழுந்தாலும் பெருமழையில் தகரத்துக்கு ஒரே சீரான அழுத்தமாகத்தான் தெரியும். காற்றிலுள்ள நைதரசன் மூலக்கூறு ஒன்று 30 பாகையில் செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. கோடானுகோடி மூலக்கூறுகள் அந்த வேகத்தில் ரயரின் உட்சுவரில் மோதித் திரும்புவதைத்தான் கேஜ் அமுக்கம் என்று காட்டுகிறது.

ரயர் சூடானால் அதன் சுவரிலுள்ள துணிக்கைகள் இன்னும் பலமாக அதிரும். அந்தச் சுவரில் வந்து மோதும் காற்று மூலக்கூறு, வந்த வேகத்தைவிடச் சற்றுக் கூடிய வேகத்தோடு திரும்பும். அது போய் மற்றவற்றோடு மோதும். இப்படியே கொஞ்ச நேரத்தில் உள்ளே உள்ள காற்று முழுவதும் சராசரியாக வேகம் கூடிவிடும்.

பிள்ளைகளிடம் "ஏன் அமுக்கம் கூடுகிறது?" என்று கேட்டால் பாதிப்பேர் "பலமாக மோதும்" என்பார்கள், மீதிப்பேர் "அடிக்கடி மோதும்" என்பார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பிள்ளை அருமையாகத்தான் கிடைக்கும். வான்காரத் தம்பியின் ரயர் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். மூலக்கூறுகளின் வேகம் கூடுவது 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதனால் ஒவ்வொரு அடியும் அவ்வளவு பலமாகிறது. அதே வேகத்தால் சுவருக்குச் சுவர் போய்வரும் நேரமும் சுருங்குவதால் அடிகளின் எண்ணிக்கையும் அதே அளவு கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் அமுக்கம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும்.

உயர்தர மாணவன், அக்கரைப்பற்று

ரீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். வெப்பநிலை 30இலிருந்து 60க்குப் போனால் அது இரண்டு மடங்குதானே? என் மச்சான் கணக்குப் போட்டு 64 பி.எஸ்.ஐ வரும், ரயர் வெடிக்கும் என்கிறான். நீங்கள் 10 சதவீதம் என்கிறீர்கள். ஆனால் 32இல் 10 சதவீதம் 3.2தான். வான் அண்ணாவுக்கு 5 கூடியிருக்கிறதே?

களுவாஞ்சிகுடி ரீச்சர்

நல்லாய்ப் பார்த்தாய் மகன். இரண்டு இடத்தில் தொடக்கப் புள்ளி பிழைக்கிறது.

முதலாவது வெப்பநிலை. செல்சியஸில் பூச்சியம் என்பது தண்ணீர் உறையும் இடம். அங்கேயும் மூலக்கூறுகள் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் இயக்க சக்தியோடு நேராக ஒத்துப்போவது கெல்வின் அளவு. 30 பாகை என்பது 303, 60 பாகை என்பது 333. மச்சான் சொன்ன இரண்டு மடங்கு வர வேண்டுமானால் ரயர் 333 பாகை செல்சியஸுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பே இறப்பர் கெட்டுவிடும்.

இரண்டாவது கேஜ். வெளியே உள்ள வளிமண்டலத்தைவிட எவ்வளவு கூட என்பதைத்தான் அது காட்டும். ரயருக்குள் உண்மையில் இருப்பது 32உடன் வளிமண்டலத்தின் 14.7ஐயும் சேர்த்து 46.7. இதை 333ஆல் பெருக்கி 303ஆல் வகுத்தால் 51.3 வரும். அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் 36.6. கேஜில் 37க்குக் கிட்ட நின்றது அதுதான். ரயர் கொஞ்சம் விரிந்துகொடுத்திருந்தால் இன்னும் சற்றுக் குறையும். 60 பாகை என்பது என் ஊகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆரையம்பதி வான்காரர்

அப்படியென்றால் பெடியன் கேட்டபடி 32க்கு இறக்கியிருந்தால்?

களுவாஞ்சிகுடி ரீச்சர்

வால்வு வழியாக மூலக்கூறுகளில் ஒரு பங்கு வெளியே போயிருக்கும். மறுநாள் காலை ரயர் 30 பாகைக்கு ஆறியதும் மிச்சமிருப்பவை மெதுவாகிவிடும். அப்போது கேஜில் 28 கூட இராது. காற்றுக் குறைந்த ரயர் ஓடும்போது கூடுதலாக மடிந்து நிமிரும், அதனால் இன்னும் கூடச் சூடாகும். அழுத்தத்தைப் பார்ப்பதென்றால் வண்டி ஓடுவதற்கு முன்பு, ரயர் ஆறி இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றது சரி.

கல்முனை சைக்கிள் கடை

துணிக்கை பருப்பதில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன் ரீச்சர். ஆனால் சைக்கிள் ஓடாமல் சும்மா வெயிலில் நின்றாலே ஒட்டுக் கழருகிறது. 10 சதவீதம் கூடினதற்கா கழரும்? சூட்டில் பசை இளகுவதாலா? இரண்டில் எது கூடக் காரணம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஏறாவூர் வீட்டுக்காரி

நான் கேட்க நினைத்ததும் இதுதான். எங்கள் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வெளியே தகரப் பத்திக்குக் கீழே நிற்கிறது. மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூடு. அதுவும் ரயர் மாதிரி 10 சதவீதம் மட்டும் கூடினால் பயப்படத் தேவையில்லைத்தானே? இன்னொன்று, சமைக்கும்போது எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள அமுக்கம் காட்டும் மீற்றர் ஒன்று பூட்டலாம் என்று மகன் சொல்கிறான்.

கட்டாரில் காஸ் நிரப்பும் இடத்தில் இருந்தவர், வாழைச்சேனை

ராத்தா, சிலிண்டரை ரயரோடு ஒப்பிட வேண்டாம். ரயருக்குள் இருப்பது வாயு மட்டும். காலையில் எத்தனை துணிக்கை பறந்ததோ மத்தியானமும் அத்தனைதான், வேகம் மட்டும்தான் கூடுகிறது. சிலிண்டருக்குள் அடியில் திரவம் கிடக்கிறது. சூடு ஏற ஏற அந்தத் திரவத்திலிருந்து புதிய துணிக்கைகள் பிய்த்துக்கொண்டு மேலே வருகின்றன. மோதுகிறவையின் வேகமும் கூடுகிறது, ஆட்களும் கூடுகிறார்கள்.

சமையல் காஸில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும்தான். தனிப் புரோப்பேனை எடுத்தால் 30 பாகையில் அமுக்கம் ஏறத்தாழ 11 பார் இருக்கும், 50 பாகையில் 17 பார் வரும். வெறும் வாயுவாக இருந்தால் அந்த 20 பாகைக்கு 7 சதவீதம்கூடக் கூடாது. பியூட்டேன் கலந்தால் அமுக்கம் இதைவிடக் குறையும், ஆனால் ஏறும் விதம் அதேதான். சிலிண்டரை இதைத் தாங்கும்படிதான் செய்கிறார்கள். நிரப்பும்போதும் திரவம் விரிய மேலே இடம் விட்டுத்தான் நிரப்புவோம். அதற்காகத் தகரத்துக்குக் கீழே கொதிக்க விடாதீர்கள், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.

மீற்றர் உதவாது. ஒரு கரண்டி திரவம் மிச்சமிருந்தாலும் முழுச் சிலிண்டர் காட்டிய அமுக்கத்தைக் கிட்டத்தட்ட அப்படியே காட்டும். சிலிண்டரைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் வழி.

பாண்டிருப்பு

குப்பை எரித்தபோது பழைய சென்ட் டின் ஒன்று வெடித்து, வேலியின் கிடுகு எரிந்தது. வெறும் டின் என்று நினைத்துத்தான் போட்டார்கள். உள்ளே இருந்த காற்று மட்டும் அப்படி வெடிக்குமா?

கட்டாரில் காஸ் நிரப்பும் இடத்தில் இருந்தவர், வாழைச்சேனை

மாட்டாது என்றே நினைக்கிறேன். அமர்த்தினால் ஒன்றும் வராத டின்னுக்குள் இருப்பது வெளியிலுள்ள அதே வளிமண்டல அமுக்கம். நெருப்பு 600 பாகை என்றாலும் 873ஐ 303ஆல் வகுத்தால் 2.9 மடங்குதான். அந்த டின்களை அதைவிடப் பல மடங்கு தாங்கும்படி செய்கிறார்கள். ஆகவே உள்ளே ஏதோ திரவம் இருந்திருக்கிறது. வாய் அடைத்துப்போய் காஸ் மிச்சம் நின்றிருக்கலாம், அல்லது அடியில் கிடந்த சென்ட்டின் மதுசாரமே ஆவியாகியிருக்கலாம். 150 பாகையில் மதுசார ஆவி மட்டும் 10 பார் அளவுக்குத் தள்ளும்.

பாண்டிருப்பு

குலுக்கிப் பார்த்ததில் சத்தம் ஒன்றும் இல்லை என்றுதான் தங்கச்சி சொல்கிறாள்.

களுவாஞ்சிகுடி ரீச்சர்

சத்தம் வர நிறையத் திரவம் வேண்டும். ஆவியாகி டின்னை நிரப்புவதற்குச் சில கிராம் போதும். நெருப்பில் தகரமும் அதன் பொருத்தும் பலம் இழந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதில் எது முதலில் நடந்தது என்று எரிந்த டின்னை வைத்து நாம் சொல்ல முடியாது. பொருத்துப் பிரிந்ததா, உடம்பு கிழிந்ததா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.