பொருள்: லூப் டையூரெடிக் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

செல்வி: வணக்கம். நர்சிங் மாணவர் கையேட்டில் ஃப்ரூஸ்மைடு போன்ற லூப் டையூரெடிக் வகையை ‘வீரியச் சிறுநீர்பெருக்கி’ என்றும் தயசைடு வகையை ‘மிதச் சிறுநீர்பெருக்கி’ என்றும் எழுதியிருக்கிறேன். ஒத்துவருமா?

இளங்கோ: மருந்து வேலை செய்யும் இடத்தை வைத்துப் பெயரிடலாமே. வீரியம் என்று பார்த்தால், வடிகட்டிய சோடியத்தில் சுமார் 65 விழுக்காட்டைச் சிறுநீரகத்தின் அண்மைக் குழல்தான் திரும்ப எடுக்கிறது. அப்படியானால் அங்கே வேலை செய்யும் அசிட்டசோலமைடு அல்லவா எல்லாவற்றையும்விட வீரியமானது?

பரீதா: இடம் சரி, இளங்கோ. அசிட்டசோலமைடு கணக்குதான் இடிக்கிறது. அண்மைக் குழலில் தப்பும் சோடியத்தைக் கீழே உள்ள ஹென்லி வளைவு பெரும்பாலும் பிடித்துவிடும். வளைவின் தடித்த ஏறுபகுதி சுமார் 25 விழுக்காடு எடுக்கிறது. அங்கே தப்பினால், அவ்வளவையும் மீட்கும் திறன் அதற்குக் கீழே இல்லை. அந்த ஏறுபகுதியில் வேலை செய்யும் ஃப்ரூஸ்மைடின் வீரியம் அதனால் வந்தது.

மருந்து கால்சியத்தை இழக்கவைக்குமா, காக்குமா என்பதையும் இடமே சொல்லிவிடும். அந்த ஏறுபகுதியில் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு சேர்ந்து செல்லுக்குள் நுழைகின்றன. பொட்டாசியம் மட்டும் குழலுக்குள்ளேயே திரும்பக் கசிவதால் குழலின் உட்பக்கம் நேர்மின் அழுத்தம் உண்டாகிறது. கால்சியத்தைச் செல் இடுக்கு வழியாக இரத்தப் பக்கம் தள்ளுவது அதுதான். ஃப்ரூஸ்மைடு அந்த வாசலை அடைத்தால் அழுத்தம் விழும், கால்சியம் சிறுநீரோடு போய்விடும். தயசைடு அடைக்கும் சேய்மைக் குழலில் கால்சியம் இந்த அழுத்தத்தை நம்பி இல்லை. அதனால் தயசைடு கொடுத்தால் கால்சியம் அப்படிப் போவதில்லை, மாறாகச் சிறுநீரில் குறைகிறது.

முருகன்: எனக்குச் சிறுநீரகக் கல்லுக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு கொடுத்திருக்கிறார்கள். கால் வீக்கமே இல்லை. நிறைய சிறுநீர் போகவைத்து கல்லைத் தள்ளிவிடத்தானே?

பரீதா: இல்லை அண்ணா, சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கத்தான். உடலில் உப்பும் நீரும் கொஞ்சம் குறைந்ததும் அண்மைக் குழல் சோடியத்தைக் கூடுதலாக இழுக்கும், கூடவே கால்சியமும் இரத்தத்துக்குத் திரும்பும். உப்பு நிறையச் சாப்பிட்டால் இந்தப் பலன் கரைந்துவிடும். 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் 2023-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், இந்த மருந்து கல் திரும்ப வருவதைத் தடுத்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செல்வி: சரி, ‘வளைவுச் சிறுநீர்பெருக்கி’, ‘சேய்மைக்குழல் சிறுநீர்பெருக்கி’ என்று மாற்றிவிடுகிறேன். அப்புறம் ஸ்பைரனோலாக்டோன்?

இளங்கோ: அதே முறையில் ‘சேகரிப்புக்குழல் சிறுநீர்பெருக்கி’.

பரீதா: இங்கே எனக்குத் தயக்கம். மேலே அடைக்கும் மருந்துகளால் சேகரிப்புக் குழலுக்கு அதிகச் சோடியம் வரும். அது உள்ளே ஏறும்போது பொட்டாசியம் வெளியே போகும். ஸ்பைரனோலாக்டோன் அந்தப் பரிமாற்றத்தையே தளர்த்துவதால் பொட்டாசியம் தங்கிவிடும். இரத்த அழுத்த மருந்தான எனலாப்ரிலும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு அது ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வார்டில் மருந்து கொடுப்பவர் கண்ணில் ‘பொட்டாசியம் காக்கும்’ என்ற சொல் படவேண்டும்.

இளங்கோ: அப்படியென்றால் மற்ற இரண்டுக்கும் ‘பொட்டாசியம் இழக்கும்’ என்று சேர்க்க வேண்டிவரும். ஒரே முறையாக இருப்பதே நல்லது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

செல்வி: மூன்றாவதை இப்போதைக்குக் காலியாக விடுகிறேன். வார்டில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.