உதவி: டிகிரி நாள் கணக்குப் போட்டால் என் வீட்டு அடிப்படைச் செலவு மைனஸ் 210 யூனிட் என்று வருகிறது

மாடிவீடு_அஸ்தம்பட்டி

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. படுக்கையறையில் ஒன்றரை டன் ஏசி ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால் கட்டணத் தட்டே மாறிவிடுகிறது. அதனால் அடுத்த கோடை பில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன்.

டிகிரி நாள் முறையை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளின் சராசரியிலிருந்து 18-ஐக் கழித்து, ரீடிங் எடுத்த தேதியிலிருந்து அடுத்த ரீடிங் வரை கூட்டினேன். கிடைத்தது இது:

| ரீடிங் காலம் | நாட்கள் | டிகிரி நாள் (18) | யூனிட் |
|---|---|---|---|
| டிச–பிப் | 62 | 422 | 318 |
| பிப்–ஏப் | 59 | 649 | 560 |
| ஏப்–ஜூன் | 61 | 793 | 770 |
| ஜூன்–ஆக | 61 | 653 | 548 |
| ஆக–அக் | 61 | 610 | 505 |
| அக்–டிச | 61 | 470 | 352 |

எக்செல்லில் நேர்கோடு பொருத்தினால் ஒரு டிகிரி நாளுக்கு 1.2 யூனிட் என்று வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடு தொடங்கும் இடம் மைனஸ் 210. வெயிலே இல்லாவிட்டால் நான் ஈபிக்கு 210 யூனிட் திருப்பிக் கொடுப்பேனா? எங்கே தப்பு?

குளிர்_மெக்கானிக்

தப்பு அந்த 18-இல்தான் பாஸ். அது வெள்ளைக்காரன் ஊர்க் கணக்கு. நம் ஊரில் மார்கழியிலேயே சராசரி 24-க்குப் பக்கத்தில் நிற்கிறது. 18 போட்டால் வருடம் முழுக்க ஏசி ஓடுகிற மாதிரி ஆகிவிடும். 24 போடுங்கள். 2020-இலிருந்து வரும் ஸ்டார் ஏசியெல்லாம் ஆன் செய்தால் 24-இல்தான் நிற்கும். கழிக்க வேண்டிய சரியான பேஸ் அதுதான். தினசரிக் கணக்கெல்லாம் வேண்டாம், இரண்டு மாதச் சராசரியிலிருந்து 24-ஐக் கழித்து நாட்களால் பெருக்கினால் போதும்.

குகை_தறிக்காரர்

எனக்கும் இந்தப் பில் பிரச்சினை இருக்கிறது. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. தறிக்கூடத்தில் ஏசியே கிடையாது. போன சித்திரையில் பில் குறைந்தது, ஐப்பசியில் ஏறியது. உங்கள் கணக்குப்படி சித்திரையில்தானே ஏற வேண்டும்? முதலில் மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள் தம்பி.

மாடிவீடு_அஸ்தம்பட்டி

அண்ணா, என் மீட்டரில் சந்தேகம் இல்லை, கணக்கில்தான்.

மெக்கானிக் சார் சொன்னபடி 24 போட்டேன், ஆனால் தினசரியாகவே. இப்போது கோடு 223-இல் தொடங்குகிறது. மைனஸ் போய்விட்டது, நன்றி. ஆனாலும் ஏப்–ஜூனுக்குக் கோடு காட்டுவது 738, மீட்டர் காட்டியது 770. டிச–பிப்பிலும் கோடு 20 யூனிட்டுக்கு மேல் குறைத்துச் சொல்கிறது. இது சகஜம்தானா?

சுமைக்கணக்கு_ஓய்வு

சகஜம் இல்லை, அதுதான் துப்பு. மின்சாரத் தேவைக் கணிப்பு வேலையில் சில வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஏன் மைனஸ் வந்தது என்று முதலில் பார்ப்போம். சேலத்தில் ஒரு நாள்கூடச் சராசரி 18-க்குக் கீழே போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 18 வைத்துப் போடும் டிகிரி நாள் வேறொன்றுமில்லை, சராசரி வெப்பநிலையையே நாட்களால் பெருக்கி ஒரு நிலையான எண்ணைக் கழித்தது மட்டும்தான். கோட்டை அப்படியே பக்கவாட்டில் தள்ளி வைத்த மாதிரி. சாய்வு மாறாது, தொடங்கும் இடம் மட்டும் மாறும். 18-க்கு 1.2, 24-க்கும் ஏறக்குறைய அதே 1.2 வந்திருக்குமே, பார்த்தீர்களா? ஆகவே மைனஸ் மறைந்ததால் கணக்கு சரியாகிவிட்டது என்று நம்ப வேண்டாம்.

மிச்சத்தைப் பாருங்கள். கோடு சொன்னதற்கும் மீட்டர் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை வெப்பநிலை வரிசையில் எழுதுங்கள். இரண்டு ஓரங்களிலும் மீட்டர் கோட்டுக்கு மேலே, நடுவில் கோட்டுக்குக் கீழே இருந்தால் உங்கள் பேஸ் இன்னும் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். உண்மையான செலவு ஓர் இடம் வரை சமதளமாக வந்து அங்கிருந்து மேலே திரும்புகிறது. நீங்கள் அதை ஒரே நேர்கோடாக இழுக்கிறீர்கள்.

மெக்கானிக் தம்பி சொன்னதில் பாதி சரி, 18 நமக்கு ஒத்துவராது. அமெரிக்காவில் 65 பாரன்ஹீட் என்று வைத்திருந்ததன் சென்டிகிரேடு வடிவம்தான் அது. அவர்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவு; அந்த இடைவெளியை மனிதர், அடுப்பு, ஜன்னல் வெயில் எல்லாம் நிரப்பிவிடும் என்று கணக்கு. ஆனால் ரிமோட்டில் தெரியும் எண்ணும் பேஸும் ஒன்றல்ல. பேஸ் என்பது வெளியே எவ்வளவு சூடானால் உங்கள் கை ரிமோட்டைத் தேடும் என்பது. நம் ஆட்கள் முதலில் ஃபேன் போடுவார்கள், பிறகு வேகத்தைக் கூட்டுவார்கள், மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றுவார்கள், கடைசியில்தான் ஏசி. அதனால் 24-ஐவிட மேலே இருக்கவே வாய்ப்பு அதிகம்.

23 முதல் 29 வரை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். B நெடுவரிசையில் தினசரிச் சராசரி இருந்தால் ஒரு ரீடிங் காலத்துக்கு இது போதும்:

```
=SUMPRODUCT((B2:B62>26)*(B2:B62-26))
```

26 இருக்கும் இரண்டு இடத்திலும் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மாதச் சராசரியை வைத்துப் போடலாம் என்பது இங்கேதான் உதைக்கும். அக்–டிசம்பரில் மொத்தச் சராசரி 26-க்குக் கீழே இருந்தால் அந்த வழியில் விடை பூஜ்யம். ஆனால் அக்டோபர் நடுவில் புழுங்கிய நாட்களில் நீங்கள் ஏசி போட்டிருப்பீர்கள். தினசரிக் கணக்குதான் அதைப் பிடிக்கும்.

தறிக்கார அண்ணனுக்கு: உங்கள் கூடத்துக்கு வெயில் கணக்கு பொருந்தாது. தறி ஓடுவது ஆர்டரைப் பொறுத்தது. தீபாவளிக்கு முன்னால் ஷிப்ட் கூடியிருந்தால் பில் ஏறத்தானே செய்யும்?

குகை_தறிக்காரர்

ஷிப்ட் கூடியது உண்மைதான். ஆனாலும் மீட்டர் மேல் எனக்குச் சந்தேகம் போகவில்லை.

மாடிவீடு_அஸ்தம்பட்டி

சார், செய்து பார்த்தேன். 26-இல் மிச்சம் மிகக் குறைவு. டிகிரி நாட்கள் டிச–பிப் தொடங்கி வரிசையாக 8, 180, 305, 167, 126, 25. கோடு 308-இல் தொடங்குகிறது, ஒரு டிகிரி நாளுக்குக் கிட்டத்தட்ட 1.5 யூனிட். ஏப்–ஜூனுக்கு 761 காட்டுகிறது, மீட்டர் 770. அதிகபட்ச வித்தியாசம் பிப்–ஏப்ரலில் 15 யூனிட், அதுவும் கோடுதான் கூடுதலாகச் சொல்கிறது.

308-ஐ 61 நாளால் வகுத்தால் நாளுக்கு 5 யூனிட். தை மாதம் ஏசி உறை போட்டு மூடிக் கிடந்தபோது தினமும் மீட்டர் பார்த்து எழுதியிருந்தேன், 5-ஐ ஒட்டித்தான் வந்தது. 24 வைத்த கணக்கில் 3.7 என்று வந்திருக்கும். ஃப்ரிட்ஜ், மோட்டார், கீசருக்கே அது பத்தாது.

சுமைக்கணக்கு_ஓய்வு

பிரமாதம், அந்தத் தை மாதக் குறிப்புதான் உங்கள் நிஜமான சாட்சி. பிப்–ஏப்ரல் 15 யூனிட்டுக்கும் காரணம் பாதி தெரிகிறது: அந்தக் காலம் 59 நாள்தான். இரண்டு நாள் குறைந்தால் அடிப்படையிலேயே 10 யூனிட் போய்விடும். எல்லாவற்றையும் நாளுக்கு இத்தனை என்று வகுத்துவிட்டுக் கோடு பொருத்தினால் அது சரியாகும்.

ஒரு எச்சரிக்கை. ஆறே புள்ளிகளில் பேஸ், சாய்வு, அடிப்படை என்று மூன்றைப் பிடித்திருக்கிறீர்கள். 25.5 அல்லது 26.5 என்றாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. பழைய பில்கள் இருந்தால் இன்னும் ஒரு வருடத்தைச் சேருங்கள். 305-க்கு மிஞ்சிய கோடைக்கு இந்தக் கோட்டை நீட்டவும் வேண்டாம். ஒரே ஏசி இரவு முழுக்க நிற்காமல் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு மேல் அது எதை இழுக்கும்?

ஏற்காடு_தங்கும்வீடு

தம்பி, நான் ஏற்காட்டில் நான்கு அறை வாடகைக்கு விடுகிறேன். எங்களுக்கு ஏசியே இல்லை. மார்கழியில் ரூம் ஹீட்டர் கேட்பார்கள், கீசர் நாள் முழுக்க ஓடும். சேலத்துக் கணக்கையே திருப்பிப் போட்டால் எங்களுக்கு ஆகுமா? ஆனால் எங்களுக்கும் மே மாதம்தான் பில் அதிகம், அது ஏன்?

சுமைக்கணக்கு_ஓய்வு

அக்கா, திருப்பிப் போடலாம். பேஸிலிருந்து அன்றைய சராசரியைக் கழித்துக் கூட்ட வேண்டும். ஆனால் சேலத்து வெப்பநிலையை வைத்துச் செய்யாதீர்கள். நீங்கள் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், சேலம் 280-க்குச் சற்று முன்பின். ஏழெட்டு டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். சேலத்து எண்ணில் உங்கள் குளிர் ஒரு நாள்கூடத் தெரியாது.

மே மாதத்துக்குக் காரணம் வெயில் இல்லை, விருந்தாளிகள். கோடை விழா சமயத்தில் நான்கு அறையும் நிறைந்திருக்கும், நான்கு கீசரும் ஓடும். எத்தனை அறை எத்தனை இரவு நிறைந்தது என்று இன்னொரு நெடுவரிசை சேர்க்காமல் குளிர்க் கணக்கு மட்டும் போட்டால், குளிர் கூடினால் மின்சாரம் குறைகிறது என்றுகூட விடை வரலாம். கீசரும் ஹீட்டர் மாதிரி இல்லை. வெயில் காலத்திலும் மலையில் வெந்நீர் வேண்டும், அதில் பெரும்பகுதி அடிப்படையில்தான் போய்ச் சேரும்.

ஏற்காடு_தங்கும்வீடு

வருகைப் பதிவேடு இருக்கிறது. ஆனால் இரண்டு வருடத்துப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது.

குளிர்_மெக்கானிக்

சரி, பேஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லோருக்கும் 26 என்று சொல்லிவிடாதீர்கள். ஃபேர்லேண்ட்ஸில் நான் சர்வீஸ் போகும் சில வீடுகளில் மார்கழியிலும் ஏசி ஓடுகிறது. கொண்டலாம்பட்டிப் பக்கம் மே மாதம் மட்டும்தான். அப்படியென்றால் சேலம் முழுவதற்கும் எந்த எண்?

சுமைக்கணக்கு_ஓய்வு

நல்ல கேள்வி. ஊர் முழுவதையும் கூட்டினால் ஒரே திருப்பம் தெரியாது. ஒருவருக்கு 23-இல் தொடங்கும், இன்னொருவருக்கு 29-இல். எல்லாம் சேர்ந்து மெல்ல மேலே வளையும் கோடாகிவிடும். அதற்கு ஒரே பேஸுக்குப் பதிலாக 24, 28 என்று இரண்டு வைத்து இரண்டுக்கும் தனித்தனிச் சாய்வு கொடுப்போம். அடியில் தறிகளும் ஜவ்வரிசி ஆலைகளும் பெரிய சமதளமாகக் கிடக்கும். ஆலை ஓடுவது மரவள்ளி வரத்தைப் பொறுத்தது, அதைத் தனியே பிரிக்காவிட்டால் அறுவடையை வெயில் என்று கணக்கு ஏமாந்துவிடும்.

இன்னொன்று, டிகிரி நாள் சொல்வது மாதத்து யூனிட்டை. உச்ச மெகாவாட்டை அல்ல. தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட் தொட்டது. அந்த மாதிரி உச்சத்தைக் கணிக்க அன்றைய மணிவாரி வெப்பம் வேண்டும், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் சூடும் வேண்டும். கான்கிரீட் தளம் நேற்றைய வெயிலை இன்று இரவு திருப்பித் தரும். மாடிவீட்டுக்காரருக்குச் சொல்லவே வேண்டாம்.

மாடிவீடு_அஸ்தம்பட்டி

நாளுக்கு இத்தனை என்று வகுத்துப் போட்டேன். பிப்–ஏப் வித்தியாசம் நன்றாகவே இறங்கியது. என் வீட்டுக்கு 500-ஐத் தொடும் இடம் 129 டிகிரி நாள் பக்கம் என்று வருகிறது. ஆக–அக்டோபரில் 126 இருந்தும் 505 ஆகிவிட்டதே. அந்தக் காலமும் அக்–டிசம்பரும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கின்றன. ஈரப்புழுக்கமா, காலாண்டு விடுமுறையில் பையன் பகலிலும் ஏசி போட்டதா?

சுமைக்கணக்கு_ஓய்வு

இரண்டும் இருக்கலாம். டிகிரி நாளுக்கு ஈரப்பதம் தெரியாது, பையனையும் தெரியாது. இந்த ஆவணியிலிருந்து வாரம் ஒருமுறை மீட்டரைக் குறித்து வையுங்கள். விடுமுறை வாரத்தில் மட்டும் ஏறினால் பையன்.

மாடிவீடு_அஸ்தம்பட்டி

ரிமோட்டை ஒளித்து வைத்தால் கணக்கு கெட்டுவிடும், அதனால் இந்த வருடம் அவன் இஷ்டம். அக்டோபர் ரீடிங் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.