மூட்டு வலி மாத்திரை, இரவுப் பணி எனர்ஜி டிரிங்க் டின்: எது என் பிரஷரை ஏற்றியது?

இரவுப்பணிக்காரன்: வயது 46, ஜூரோங்கில் இரவு ஷிஃப்ட். முழங்கால் வலிக்கு, பாத்தாமிலிருந்து நண்பர் வாங்கி வந்த ‘மூலிகை’ மாத்திரையை எடுத்தேன். மூன்றே நாளில் வலி போயே போச்சு. அப்புறம் எட்டு மாதம், தினம் இரண்டு. முகம் வட்டமானது, அம்மாவுக்குச் சந்தோஷம். வேலைக்கான பரிசோதனையில் 164/102.

பலதுறை மருந்தக டாக்டர் என் கையில் இருந்த கன்றல்களைப் பார்த்துவிட்டு, “வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?” என்றார். ஒரு இரவுக்கு மூன்று எனர்ஜி டிரிங்க் என்று அப்போதுதான் சொன்னேன். அதை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? மறுநாள் மாத்திரையையும் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார். காலை இரத்தப் பரிசோதனையில், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் மிகக் குறைவு. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் என் சுரப்பி தூங்கிவிட்டதாம். அதனால் சட்டென்று நிறுத்தாமல், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக் கொடுத்து அதை வாரக்கணக்கில் குறைத்தார்கள்.

டின்னை முதலில் விட்டேன். இரண்டு வாரத்தில் 156/96தான்.

காப்பிப்பிரியன்: டின்னில் பிரஷரை ஏற்றுவது சீனிதான். நான் சீனி இல்லாததற்கு மாறிவிட்டேன், கவலையில்லை.

வார்டு அக்கா: சீனி உடம்பு எடையைக் கூட்டும், அது வேறு கதை. குடித்தவுடன் ஏற்றுவது கஃபீன். சீனி இல்லாத 250 மில்லி டின்னிலும் பெரும்பாலும் அதே 80 மில்லிகிராம்தான் இருக்கிறது. அந்த ஏற்றம் சில மணி நேரத்தில் இறங்கும். ஸ்டீராய்டு அப்படி இல்லை. சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்து, இரத்தக் குழாயையும் இறுக்கும், அதனால் பிரஷர் இறங்காமல் நிற்கும். டின் குடிக்காத விடுமுறை நாட்களிலும், காலையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்த அளவு உயர்ந்தே இருந்தால், டின் மட்டும் காரணம் என்று விட்டுவிடாதீர்கள்.

செங்காங் அம்மா: ஐயோ, என் மகன் ஆஸ்துமாவுக்கு இழுக்கும் இன்ஹேலரும் ஸ்டீராய்டுதானே? இன்றே நிறுத்திவிடவா?

வார்டு அக்கா: வேண்டாம்மா. இங்கே பேச்சு மாத்திரை பற்றி. இன்ஹேலரில் அளவு மிகக் குறைவு, பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தெம்பனிஸ் வாசி: எனக்கு லூபஸ். மூன்று வருடமாக டாக்டர் எழுதிய பிரெட்னிசோலோன், கூடவே பிரஷர் மாத்திரை. நோயை விட முடியாதே, அதனால் இரண்டையும் எடுக்கிறேன். அண்ணா, குறைத்த பிறகு உங்களுக்குப் பழைய அளவுக்கு வந்ததா?

இரவுப்பணிக்காரன்: ஐந்து மாதத்துக்குப் பிறகு 136/86, அதுவும் ஒரு பிரஷர் மாத்திரையோடு. அப்பாவுக்கும் பிரஷர் உண்டு, எது எவ்வளவு என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முழங்கால் வலி திரும்பிவிட்டது. மாத்திரை கொடுத்த நண்பர் நேற்று கேட்கிறார்: “டின்னை மட்டும் விட்டுட்டேன், அது போதும்ல?”