ஏஐ உருவாக்கிய வெள்ளப் படத்துக்கு "ஏஐ படம்" என்ற குறிப்பு எப்போது வேண்டும்?

குடியிருப்புச் சங்கத்துக்காக மழைக்கால முன்னெச்சரிக்கைப் பதிவு ஒன்று தயாரிக்கிறேன். "வேளச்சேரி தெருவில் இடுப்பளவு வெள்ளம், புகைப்படம் போல" என்று கேட்டதும் ஏஐ தந்த படம் அசல் போட்டோவாகவே இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அனுப்பிப் பார்த்தேன். "எந்தத் தெரு, இப்போதா?" என்று பதறிப்போய்ப் போன் செய்தார். உடனே நீக்கிவிட்டேன்.

அப்புறம் "நீர்வண்ண ஓவியம், தடித்த கோடுகள், ஊர்ப் பெயரோ கடைப் பலகையோ வேண்டாம்" என்று மாற்றினேன். இப்போது பார்த்ததுமே ஓவியம் என்று தெரிகிறது.

நடந்ததாக யாராவது நம்ப இடமிருந்தால் குறிப்பு கட்டாயம் என்பது என் எண்ணம். இந்த ஓவியத்துக்கும் வேண்டுமா? "ஏஐ உருவாக்கிய படம், உண்மை நிகழ்வு அல்ல" என்று படத்தின் மேலேயே பதித்துவிடலாமா? பதிவின் அடியில் எழுதினால், படத்தை மட்டும் பார்வேர்டு செய்யும்போது குறிப்பு விடுபட்டுப்போகும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.