இன்ஸ்பயர் மானக் போட்டிக்கு நெல் ஈரம் காட்டும் கருவி: புதுமை என்று ஒப்புக்கொள்வார்களா?

திருவாரூர் அம்மா:
மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மாணவர்கள் புது யோசனை அனுப்பும் இன்ஸ்பயர் மானக் போட்டிக்கு, மண் காய்ந்தால் மோட்டார் ஓடும் கருவி செய்யலாம் என்றாள். எல்லாரும் அதைத்தான் கொண்டுவருகிறார்கள் என்று வழிகாட்டி ஆசிரியர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் எடுத்துப்போகும்போது 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்குமோ என்றுதான் பயம். நெல்லைக் கடித்துப் பார்த்துத்தான் கணிக்கிறோம். இதைத் தலைப்பாக எடுக்கலாமா?

எலக்ட்ரானிக்ஸ் அண்ணன்:
எடுக்கலாம். மண் ஈர சென்சாரையே நெல்லில் குத்திவிட்டால் முடிந்தது.

ஒரு அப்பா:
போன வருஷம் என் மகன் தேர்வாகி, கணக்கில் 10,000 ரூபாய் வந்தது. தடை எதிரே வந்தால் ஒலிக்கும் பார்வையற்றோர் கைத்தடியைக் கடையில் செய்யக் கொடுத்து வாங்கிவிட்டோம். அது ஏன் அந்தத் தூரத்தில் ஒலிக்கிறது என்று நடுவர் கேட்டார், அவனால் சொல்ல முடியவில்லை. அதனால் கடையில் செய்யக் கொடுக்காதீர்கள் அம்மா.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
தம்பி, மண் சென்சார் இங்கே சரிவராது. பிள்ளைகள் வழக்கமாக வாங்கும் இரு கம்பி வகை, மின்சாரம் கடத்துவதைப் பார்க்கிறது. இந்த அளவு ஈரத்தில் நெல் கடத்துவது மிகக் குறைவு. மணிகள் கம்பியைச் சரியாகத் தொடவும் தொடாது.

அம்மா, ஈரமானி கடையிலேயே கிடைக்கிறது. அதனால் "ஈரமானி" என்று தலைப்பு வைத்தால் புதுமை இல்லை. களத்திலேயே 17-க்கு மேலா கீழா என்று ஒரே விளக்கில் சொல்லும் மலிவான டப்பா என்று குறுக்குங்கள். பெரிய தகர டப்பாவுக்குள் சின்ன டப்பாவை நடுவில் நிறுத்தி, இரண்டும் தொடாமல் இடையில் நெல்லைக் கொட்டுங்கள். ஈரம் ஏற ஏற, டப்பாக்கள் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறனான மின்தேக்குதிறன் ஏறும். மின் துடிப்பை உண்டாக்கும் 555 ஐ.சி.யில் இணைத்தால், மின்தேக்குதிறன் ஏற ஏற ஒரு நொடிக்கான துடிப்பு குறையும், அதை ஆர்டுயினோ எண்ணிவிடும். ஒயர் குட்டையாக, அசையாமல் இருக்கட்டும். அசைந்தாலே அளவு மாறும்.

முதலில் ஒரே நெல்லைப் பத்து முறை கொட்டி அளக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து அளவும், 16 சதவீத நெல்லுக்கும் 18 சதவீத நெல்லுக்கும் உள்ள இடைவெளியைவிட அதிகமாகச் சிதறினால் கருவி உதவாது. பெரும்பாலும் நெல் அடர்ந்து விழுவதுதான் காரணம். புனல் வைத்து ஒரே உயரத்திலிருந்து கொட்டணும், டப்பாவைத் தட்டக்கூடாது.

திருவாரூர் அம்மா:
17 சதவீத நெல் என்று எப்படித் தெரிந்துகொள்வது சார்?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
100 கிராம் நெல்லை ஆய்வகச் சூட்டடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 83 கிராம் மிஞ்சினால் அது 17 சதவீதம். ஈரம் வேறுபட்ட ஐந்தாறு நெல்லை இப்படிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டப்பா காட்டும் அளவை நோட்டில் எழுதட்டும். நடுவர் கேட்டால் அந்த நோட்டுதான் பதில்.

திருவாரூர் அம்மா:
நேற்று இரண்டு டப்பாவில் தொடங்கினாள். பத்து அளவும் ஓரளவு ஒட்டி வருகிறது. ஆனால் ரோட்டில் காய்ந்த சூட்டோடு அள்ளிய நெல்லில் ஈரம் கூடுதலாகக் காட்டுகிறது, அதையே நிழலில் ஆறவைத்தால் குறைவாகக் காட்டுகிறது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
வெப்பநிலை அளவைப் பாதிக்கும். ஆறும்போது கொஞ்சம் ஈரமும் போயிருக்கலாம். மூடிய டப்பாவில் ஆறவைத்துப் பார்த்தால் எது என்று பிரியும். செய்துவிட்டு எழுதுங்கள்.