புதுப்பிப்பு: இரைச்சலுக்குள் மோட்டாரின் சுழற்சி கிடைத்துவிட்டது

“மோட்டார் மேல் அதிர்வு சென்சார் வைத்து நொடிக்கு 1000 மதிப்பு எடுத்தேன். பதிவைச் சில மதிப்புகள் தள்ளி வைத்து அதனோடேயே ஒப்பிடும் ஆட்டோகோரிலேஷன் போட்டும் இரைச்சல்தான் தெரிகிறது. ஏன்?” என்று முன்பு கேட்டிருந்தேன்.

காரணம், நான் ஒரு நொடிப் பதிவை மட்டும் பார்த்ததுதான். ஒரு அண்ணன் சொன்ன கணக்கு: N மதிப்புகள் இருந்தால், வெறும் இரைச்சலே சுமார் 1/√N அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 1000-க்கு அது 0.03. என் சிகரமோ 0.04தான், எப்படித் தெரியும்? 60 நொடி பதிவு செய்தேன், ஆட்டம் 0.004 ஆகக் குறைந்தது. சிகரங்கள் பளிச்சென்று நின்றன.

முதலில் நகரும் சராசரி எடுக்கச் சொன்ன நண்பர் பாதி சரி. இரைச்சல் குறையும், ஆனால் பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் ஒட்டிக்கொண்டு, சிறிய தள்ளல்களில் இல்லாத உறவு தெரியும். சராசரியைக் கழித்தால் போதும்.

சிகரங்கள் 42, 83, 125 மதிப்புத் தள்ளல்களில் வந்தன. முதல் சிகரத்தை வைத்தால் 23.8 ஹெர்ட்ஸ். 24-ஆவது சிகரம் சரியாக 1000-ல் இருந்தது, அதாவது 24 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டார் தகட்டிலும் அதே எண். தூரச் சிகரத்தை எண்ணுவது இவ்வளவு துல்லியம் தரும் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.

இதயத்துடிப்புக்கு ஆகுமா என்று கேட்ட தங்கைக்கு: ஆகும், ஆனால் துடிப்பின் இடைவெளி மாறிக்கொண்டே இருப்பதால் தூரச் சிகரங்கள் கரைந்துவிடும். சில நொடித் துண்டுகளாகப் பாருங்கள்.

ஒன்று மிச்சம். 10-ன் மடங்கான தள்ளல்களிலும் சின்ன மேடு, அதாவது 100 ஹெர்ட்ஸ். மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் அதிர்வா, சென்சார் ஒயரில் ஏறியதா? அடுத்து மோட்டாரை நிறுத்திவிட்டுப் பதிவு செய்கிறேன்.