“ஒற்றைப்படி முனை” சரியா? கைகுலுக்கல் துணைத்தேற்றத்தின் சொற்கள்

மணிமேகலை:
அன்புள்ள குழுவினருக்கு, நம் கோட்டுருவியல் கலைச்சொல் பட்டியலில் இப்படி ஒரு வரி இருக்கிறது: “ஒற்றைப்படி முனைகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டை.” கைகுலுக்கல் துணைத்தேற்றம் என்ற பெயரில் எனக்குத் தடையில்லை, “ஒற்றைப்படி”தான் உறுத்துகிறது. விருந்துக்கு வந்தவர்களை முனைகளாகவும் ஒவ்வொரு கைகுலுக்கலையும் ஒரு விளிம்பாகவும் வைத்தால், ஒருவர் எத்தனை முறை குலுக்கினாரோ அதுவே அவருடைய படி. ஒற்றைப்படி என்றதும் ஒரே ஒரு முறை குலுக்கியவர் என்றுதானே தோன்றும்? மூன்று, ஐந்து முறை குலுக்கியவரும் இதில் சேர வேண்டும்.

சேது:
கைகுலுக்கலை வலையமைப்புக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டாயிற்று. இணைப்பைத் தொடங்க இரு கணினிகளுக்கிடையே மூன்று செய்திகள் போகின்றன. மூன்று ஒற்றைப்படை ஆயிற்றே, அப்போது தேற்றம் பொய்யா?

மணிமேகலை:
சேது, அங்கே மூன்று என்பது செய்திகளின் எண்ணிக்கை. இங்கே எண்ணப்படுகிறவர்கள் ஆட்கள். உங்கள் கணக்கிலேயே செய்திக்கு ஒரு விளிம்பு போட்டால் இரு கணினிக்கும் படி மூன்று. ஒற்றைப்படைக்காரர்கள் இரண்டு பேர். தேற்றம் பிழைத்துக்கொண்டது.

அறிவழகன்:
சொல்லை முடிவுசெய்யுமுன் தேற்றம் எதைப் பிடித்து நிற்கிறது என்று பார்ப்போம். விருந்து தொடங்கும்போது எல்லாருடைய கணக்கும் சுழியம்; ஒற்றைப்படைக்காரர் ஒருவரும் இல்லை. ஒரு கைகுலுக்கல் நடந்தால் இருவரின் கணக்கு ஒவ்வொன்று கூடும். இருவரும் இரட்டைப்படையில் இருந்தவர்கள் என்றால் ஒற்றைப்படைக்காரர் இருவர் கூடுவர். இருவரும் ஒற்றைப்படையில் இருந்தால் இருவர் குறைவர். ஒருவர் அப்படி, ஒருவர் இப்படி என்றால் இடம் மாறிக்கொள்வார்களே தவிர எண்ணிக்கை மாறாது. சுழியத்தில் தொடங்கி இரண்டிரண்டாக மட்டுமே நகர்வதால் அது ஒற்றைப்படையில் நிற்க வழியே இல்லை. ஒரே இருவர் பத்து முறை குலுக்கிக்கொண்டாலும் இது மாறாது. ஆய்லர் 1736-இல் கோனிக்ஸ்பர்க் பாலங்களுக்கு எழுதிய கட்டுரையிலேயே இந்தக் கணக்கு உண்டு. அங்கே நான்கு நிலப்பகுதிகளில் சேரும் பாலங்கள் 5, 3, 3, 3. நான்கும் ஒற்றைப்படை.

கதிரவன்:
நன்றி ஐயா. அப்படியானால் விருந்தினர் சொல்லும் எண்கள் சரியா என்று இதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம், இல்லையா? எங்கள் போட்டி அட்டவணையிலும் ஒரு சிக்கல். 11 அணிகள், ஆளுக்கு 5 ஆட்டம் வைக்க எத்தனை முறை முயன்றாலும் ஓர் அணி மிஞ்சுகிறது.

அறிவழகன்:
மிஞ்சத்தான் செய்யும். 11 அணிகளும் ஒற்றைப்படை. அணிவாரியாகக் கூட்டினால் 55, இரண்டால் வகுபடாது. ஆளுக்கு 4 என்றால் 22 ஆட்டம், 6 என்றால் 33.

உங்கள் முதல் கேள்விக்குப் பாதி ஆம். ஏழு பேர் 5, 4, 3, 3, 2, 1, 1 என்று சொன்னால் ஒற்றைப்படைக்காரர் ஐவர். எவரோ தவறாக எண்ணியிருக்கிறார், அது உறுதி. யார் என்று தெரியாது. இருவர் ஒவ்வொன்று பிசகினாலோ, ஒருவரே இரண்டு பிசகினாலோ தவறு கண்ணில் படாது. சரியாக வந்துவிட்டால் எண்கள் மெய் என்றும் ஆகாது: நால்வர் 3, 3, 1, 1 என்கிறார்கள். ஒற்றைப்படைக்காரர் நால்வர், குறையில்லை. ஆனால் ஒரே ஆளோடு இரண்டாம் முறை குலுக்குவதில்லை என்றால், மூன்று சொன்ன இருவரும் மற்ற எல்லாரோடும் குலுக்கியிருக்க வேண்டும். ஒன்று சொன்னவருக்கு அப்போதே இரண்டு ஆகிவிடுகிறது.

இன்னொன்று, வரையறையில் “முடிவுறு” என்ற அடைமொழியை விட்டுவிடக் கூடாது. முடிவே இல்லாத வரிசையில் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரோடு மட்டும் குலுக்கினால் முதல் ஆளுக்கு ஒன்று, மற்ற எல்லாருக்கும் இரண்டு. ஒற்றைப்படைக்காரர் ஒரே ஒருவர்!

மணிமேகலை:
விளங்கியது. அப்படியானால் “ஒற்றைப்படை முனை” போதாதா? பேச்சிலும் ஒற்றைப்படை எண் என்றுதான் சொல்கிறோம்.

சேது:
முனைகளுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டிருந்தால் ஒற்றைப்படை முனை என்பது மூன்றாம் முனையைக் குறிக்காதா? தவிர, “ஒற்றைப்படி”, “ஒற்றைப்படை” இரண்டும் அடுத்தடுத்து வந்தால் அச்சுப்பிழை என்று எவராவது திருத்திவிடுவார்கள்.

அறிவழகன்:
சேது சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு முனையில் சேரும் விளிம்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஒன்று எஞ்சுகிறது. ஆகவே “எஞ்சுமுனை” என்று வைத்துப் பார்க்கலாம். “எஞ்சுமுனைகளின் எண்ணிக்கை இரட்டைப்படை” என்று தேற்றம் சுருங்கிவிடும். படி என்ற சொல்லையே தொடவேண்டாம். அது பல்லுறுப்புக்கோவைக்கும் உரியது.

மணிமேகலை:
சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் விளக்காமல் புரியாது. எஞ்சுமுனை என்றால் மற்றவற்றை நீக்கியபின் மீந்த முனை என்று நினைப்பார்கள். கோட்டுருவிலிருந்து முனைகளை நீக்குவது அன்றாட வேலை. இப்போதைக்கு “ஒற்றைப்படைப் படியுள்ள முனை” என்று நீளமாகவே எழுதிவைக்கிறேன். எஞ்சுமுனையைப் பரிந்துரைப் பத்தியில் சேர்க்கிறேன்.

கதிரவன்:
10 அணி, ஆளுக்கு 5 ஆட்டம் என்று மாற்றினேன். 25 ஆட்டம், கச்சிதமாக அமைந்துவிட்டது. விலக்கப்பட்ட அணிதான் எஞ்சுமுனை என்கிறார்கள் இங்கே.